நோட்டீஸுக்கு பதிலே இல்லை... நடுவரை நாமே நியமித்துவிடலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருந்தார். சுருக்கித் தருகிறேன்.

"என் கணவரின் நண்பரும் நானும் 2019ல் பார்ட்னர்ஷிப் போட்டு மசாலா மில் ஆரம்பித்தோம். நான் போட்ட முதல் 8 லட்சம். லாபத்தில் ஆளுக்குப் பாதி. 2024 மார்ச் வரை என் பங்கு ஒழுங்காக வந்தது. அதன்பிறகு பணமும் இல்லை, கணக்கும் இல்லை. போன் செய்தால், 'பார்க்கலாம்மா' என்கிறார். எங்கள் பத்திரத்தில், தகராறு வந்தால் இருவரும் சம்மதித்து நியமிக்கும் ஒரே நடுவர் மதுரையில் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினேன். அதில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை நடுவராக நியமித்திருப்பதாகவும் எழுதினோம். 2025 மார்ச் 12ல் அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. பதில் சொல்லாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, எங்கள் நடுவர் விசாரணையைத் தொடங்கலாமா?"

கூடாது சகோதரி. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் வேண்டுமானால் செல்லும், ஆர்பிட்ரேஷனில் செல்லாது.

உங்கள் பத்திரம் கேட்பது இருவரின் சம்மதத்தை. அவர் வாயைத் திறக்காதபோது சம்மதம் எங்கிருந்து வந்தது? நீங்கள் சொன்ன பெரியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் ஒரு தரப்பு வைத்த நடுவர்தான். அவர் முன்னால் ஒரு வருடம் சாட்சி சொல்லி, கணக்கு காட்டி, தீர்ப்பும் வாங்கிவிடுவீர்கள். அன்றைக்குத்தான் எதிராளி முதல்முறையாக வாயைத் திறப்பார். 'நடுவரை வைத்த முறையே பத்திரத்துக்கு விரோதம்' என்று தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பார். சட்டம் அதை ஒரு ரத்துக் காரணமாகவே எழுதி வைத்திருக்கிறது. செலவழித்த வருடமும் பணமும் தண்ணீரில் போகும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழைய 1940ஆம் வருடச் சட்டத்தைத்தான் சொல்வேன். ஆளுக்கொரு நடுவர் என்று ஒப்பந்தம் இருந்து, ஒருவர் மட்டும் நியமித்து, மற்றவர் நோட்டீஸுக்குப் பிறகும் 15 நாள் சும்மா இருந்தால், நியமித்தவருடைய ஆளே தனி நடுவராகிவிட அதில் ஒரு வழி இருந்தது. இப்போது நடப்பில் இருக்கும் 1996ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் அந்த வழி இல்லை. ஆனால் நோட்டீஸ் மாதிரிகள் மட்டும் தாத்தா காலத்து வாசகங்களோடு கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அதுமட்டுமல்ல, 2019ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு, தனி நடுவரைத் தானே நியமிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. 'நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிப்பவரே நடுவர்' என்று எழுதிய ஒப்பந்தங்களே ஆட்டம் கண்டுவிட்டன.

அப்படியானால் அனுப்பிய நோட்டீஸ் வீணா? இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்த ஒரே காகிதத்தில் நீங்கள் இரண்டு காரியம் செய்திருக்கிறீர்கள். ஒன்று, 'இந்தத் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்புகிறேன்' என்று கேட்டது. இன்னொன்று, நடுவரை நியமித்தது. இரண்டாவதுதான் செல்லாது. முதலாவது முழுக்கச் செல்லும்.

சட்டத்தின் 21வது பிரிவுப்படி, அந்தக் கோரிக்கை எதிராளியின் கைக்குக் கிடைக்கும் நாளில் ஆர்பிட்ரேஷன் நடவடிக்கை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நீங்கள் நோட்டீஸில் தேதி போட்ட நாளோ, தபாலில் சேர்த்த நாளோ அல்ல. அவருக்குக் கிடைத்த நாள். உங்களுக்கு அது மார்ச் 12. காலக்கெடு கணக்கு அந்த நாளோடு நின்றுவிடுகிறது. பணப் பாக்கிகளுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. 'பார்க்கலாம்மா'வை நம்பி வருடங்களைக் கடத்துபவர்கள் இழப்பது இதைத்தான்.

நோட்டீஸ் வாசகம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'பணத்தைத் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்' என்று மட்டும் இருந்தால், அது வெறும் கேட்பு நோட்டீஸ். பத்திரத்தின் தேதி, ஆர்பிட்ரேஷன் சொல்லும் ஷரத்தின் எண், தகராறு என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள், இதை நடுவரிடம் ஒப்படைக்கக் கோருகிறேன் என்ற வாக்கியம், இவை இருக்க வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாத நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு காலக்கெடு நின்றுவிட்டது என்று நம்பியிருக்காதீர்கள்.

அது சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நான் சொல்வது ஒரு சின்ன இரண்டாவது கடிதம். அதில் முந்தைய நியமனத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள். இப்படி எழுதலாம்:

'12.03.2025 அன்று தாங்கள் பெற்றுக்கொண்ட நோட்டீஸின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். அதில் ஆர்பிட்ரேஷன் கோரிய பகுதி அப்படியே நீடிக்கிறது. நடுவர் நியமனம் குறித்த பகுதியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். நமது பார்ட்னர்ஷிப் பத்திரத்தின் ஷரத்துப்படி தனி நடுவராகக் கீழ்க்கண்ட மூவரில் ஒருவரை ஏற்கத் தங்கள் சம்மதத்தைக் கோருகிறேன். அல்லது தாங்கள் விரும்பும் பெயர்களைத் தெரிவிக்கவும். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவரை நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகுவேன்.'

மூன்று பெயர்கள் ஏன்? ஒரே பெயரைக் கொடுத்தால் 'அவருடைய ஆள்' என்ற சந்தேகம் வரும். மூன்று கொடுத்தால், முரண்டு பிடிக்கிற மனிதரும் சில சமயம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார். எனக்கு அதைப் பார்த்த அனுபவம் உண்டு. உங்கள் வக்கீல், உங்கள் மில்லுக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர், சொந்தக்காரர் யாரும் வேண்டாம். சட்டத்தின் அட்டவணையிலேயே இப்படிப்பட்ட உறவுள்ளவர்கள் நடுவராக முடியாது என்று பட்டியல் இருக்கிறது. பெயர் போடும் முன் அந்த மூவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடிதத்தை மில் முகவரிக்கும் வீட்டு முகவரிக்கும் ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் ஒரு நகல் போகட்டும். ஆனால் அது தபாலுக்குப் பதில் அல்ல, தபாலோடு கூடுதல். 'வாங்க மறுத்தார்' என்று கவர் திரும்பி வந்தால் மனம் உடைய வேண்டாம். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட தபாலை நீதிமன்றம் பொதுவாகக் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். 'இந்த முகவரியில் இல்லை' என்று வந்தால் கதை வேறு; புது முகவரியை விசாரித்து மறுபடி அனுப்ப வேண்டும்.

30 நாளை எண்ணும்போது கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு மார்ச் 12ல் கிடைத்திருந்தால் 30வது நாள் ஏப்ரல் 11. ஏப்ரல் 12லிருந்து நீங்கள் நீதிமன்றம் போகலாம். அவசரப்பட்டு 20வது நாளில் மனு போட்டால், 'நேரமே கொடுக்கவில்லை' என்று சொல்ல அவருக்கு நாமே வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும்.

மனு 11வது பிரிவின் கீழ். உங்கள் ஷரத்து மதுரையைச் சொல்வதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். பத்திரம், இரண்டு நோட்டீஸ்கள், தபால் ரசீதுகள், ஒப்புகை அட்டைகள், இவைதான் முக்கியமான காகிதங்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அங்கே விசாரிக்க மாட்டார்கள். ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்கிறதா, மனு காலத்துக்குள் வந்திருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். எதிராளிக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவும் ஆகும். பத்திரத்துக்கு ஸ்டாம்ப் சரியாக ஒட்டவில்லை என்று அவர் கிளப்பினாலும் பயப்படாதீர்கள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஸ்டாம்ப் குறையால் ஒப்பந்தம் செத்துப்போவதில்லை, அதை நடுவரே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது.

இந்த மனுவுக்கும் ஒரு மூன்று வருடக் கெடு உண்டு, நோட்டீஸின் அவகாசம் முடிந்த நாளிலிருந்து. 'நோட்டீஸ் அனுப்பியாச்சு, இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்று பீரோவில் வைத்துவிடக் கூடாது.

கடிதத்தின் கடைசியில், அவர் பேங்கில் கையெழுத்து முறையை மாற்ற முயல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நடுவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 9வது பிரிவின் கீழ் இடைக்காலத் தடை கேட்டு மதுரையிலுள்ள மாவட்ட அளவிலான நீதிமன்றத்தை இப்போதே அணுகலாம்.

அவர் ஷரத்தை ஒதுக்கிவிட்டு, முந்திக்கொண்டு சிவில் கோர்ட்டில் உங்கள் மேல் வழக்குப் போடவும் கூடும். அப்போது பதிலுரை தாக்கல் செய்துவிடாதீர்கள். அதற்கு முன்போ, கடைசியாக அதோடு சேர்த்தோ, 'இது நடுவர் விசாரிக்க வேண்டியது' என்று 8வது பிரிவில் மனு போட வேண்டும். பதிலுரை போன பிறகு அந்தக் கதவு மூடிவிடும். 'மோசடி நடந்திருக்கிறது, ஆகவே நடுவரிடம் போக முடியாது' என்று அவர் சொன்னால், திருநெல்வேலியில் ஓட்டல் நடத்திய சகோதரர்களின் வழக்கை உங்கள் வக்கீலுக்கு நினைவுபடுத்துங்கள். பார்ட்னர்களுக்குள் கணக்கு வழக்கில் எழும் சாதாரண மோசடிப் புகார் ஆர்பிட்ரேஷனைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் சொன்னது அந்த வழக்கில்தான்.

நீதிமன்றம் நடுவரை வைத்த பிறகும் அவர் வராமலே இருந்தால்? விசாரணை நிற்காது. அவர் பதில் போடாததை உங்கள் புகாரை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கணக்கைக் காட்டி நிரூபித்தே ஆக வேண்டும். ஆனால் அவர் இல்லாமலே தீர்ப்பு வரும், அது செல்லவும் செய்யும். நடுவர் கட்டணத்தில் அவர் பாதியைக் கட்டாவிட்டால் அதையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். அந்தத் தொகையைச் செலவில் சேர்த்துக் கேட்கலாம். அதற்கும் சேர்த்து இப்போதே பணத்தை ஒதுக்கி வையுங்கள்.