பாட்டை முறிக்கும் ஸ்லைடுகள்

எங்கள் ஊர்ப் பக்கங்களில் குறளும் வெண்பாவும் ஸ்லைட் ஸ்லைடாக வருகின்றன. வரட்டும். ஆனால் அடியை எங்கே முறிப்பது என்பதைப் பாட்டு தீர்மானிப்பதில்லை; எழுத்துப் பெட்டியின் அகலம் தீர்மானிக்கிறது. அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

"சொல் ஒன்றும் மாறவில்லையே சேர்" என்பார்கள். பாருங்கள், இது நாங்களே கட்டிய ஒரு குறள் வெண்பா:

மழைக்கு முளைத்த விதைபோல் மனத்தில்
இழைந்து வளரும் எழுத்து

முதலடியில் 4 சீர், அடுத்ததில் 3. மழை, இழை என இரண்டடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருவதுதான் எதுகை. அடுத்த அடி தொடங்கிவிட்டது என்று காதுக்குச் சொல்வது அதுதான். இனி, வழக்கமாக ஸ்லைடில் வருவதைப் பாருங்கள்:

மழைக்கு முளைத்த
விதைபோல்
மனத்தில் இழைந்து
வளரும் எழுத்து

பொருள் கெடவில்லை. பார்க்கவும் அழகுதான். ஆனால் "இழைந்து" வரியின் கடைசியில் புதைந்துவிட்டது; எதுகை செத்தது. நான்கும் மூன்றுமாக நடந்த பாட்டு இப்போது வசனம். எழுத்துகளை நடுவில் குவித்து அடுக்கினால் இன்னும் மோசம், அடிகளின் தலை ஒரே நேரில் நிற்காது.

"ஃபோன் திரை ஒடுக்கம், என்ன செய்வது?" முதலில் எழுத்தைச் சிறிதாக்குங்கள், நீளமான அடி ஒரே வரியில் அடங்கும் அளவே எல்லா அடிக்கும் அளவு. அப்படியும் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போனால், இரண்டாம் சீருக்குப் பிறகு முறித்து, மிச்சத்தை உள்ளே தள்ளி எழுதுங்கள்:

மழைக்கு முளைத்த
      விதைபோல் மனத்தில்
இழைந்து வளரும்
      எழுத்து

இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். மழை, இழை. எதுகை கண்ணுக்கே தெரிகிறது.

ஸ்லைட் மாறும் இடமும் ஒரு முறிவுதான். விரலால் தள்ளும் நேரம் எந்த வரி முறிவையும் விட நீளம். ஆகவே குறளின் இரண்டடியும் ஒரே ஸ்லைடில் இருக்க வேண்டும். நேரிசை வெண்பா என்றால் முதல் இரண்டடியையும் தனிச்சொல்லையும் ஒன்றில் வையுங்கள், கடைசி இரண்டடியை அடுத்ததில். தனிச்சொல்லை அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளாதீர்கள். அதன் எதுகை முதல் இரண்டடியோடுதான்.

புதுக்கவிதைக்கு இந்தச் சீர்க் கணக்கு இல்லை. அங்கே கவிஞர் முறித்த இடமே சட்டம். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அவர் விட்ட வெற்று வரியில் மட்டும் ஸ்லைடை மாற்றுங்கள்.

போடுமுன் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் முறிவு பிழை. எங்கள் பிள்ளைகள் பாவோதல் போட்டிக்கு இப்போது ஃபோனைப் பார்த்துத்தான் பாடமாக்குகிறார்கள். ஸ்லைட் நின்ற இடத்தில்தான் மேடையிலும் நிற்கிறார்கள். புள்ளி குறைவது பிள்ளைக்கு, வடிவமைத்தவருக்கு அல்ல.