ஒரு சாண் ஈரம்

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பள்ளி ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு சமயம், வீட்டு வேலை முடித்து இரவு பத்து மணிக்கு மேல்தான் பேப்பர் திருத்துவார். 'கரிசல் மண்ணின் இயல்புகள் யாவை?' என்று ஐந்து மார்க் கேள்வி. புத்தகத்தில் உள்ள ஐந்து சொற்களுக்குத் தலா ஒரு மார்க். தூக்கக் கலக்கத்தில் அந்தச் சொற்களை மட்டும் தேடி 'டிக்' போட்டு வந்திருக்கிறார்.

ஒரு பையன், "கோடையில மாட்டுக் கால் இறங்குற அளவு வெடிக்கும். மேல காஞ்சாலும் ஒரு சாண் தோண்டினா ஈரம் இருக்கும்" என்று எழுதியிருந்தான். 'விரிசல்', 'ஈரப்பதம்' என்ற சொற்கள் இல்லையே! இரண்டுக்கும் பூஜ்யம். அடுத்த பேப்பரில் ஒரு பெண், 'ஈரப்பதம் விரிசலைத் தாங்கும்' என்று மனப்பாடத்தைக் குழப்பி எழுதி இரண்டு மார்க் வாங்கிவிட்டாள். அப்போதுதான் அக்காவுக்குத் தூக்கமே கலைந்ததாம்.

அவனுக்கு மட்டும் கூட்டிப் போடவில்லை. கருத்துக்குத்தான் மார்க் என்று மாற்றி, முதல் பேப்பரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி திருத்தினார். அந்தப் பெண்ணுக்குக் குறைந்தது. வேறு சிலருக்குக் கூடியது.

பிளஸ் டூ என்றால் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கலாம். பள்ளித் தேர்வுக்கு யார் கேட்பது? நாம்தான்! பேப்பர் வீட்டுக்கு வந்தால் மொத்த மார்க்கை மட்டும் பார்த்து முதுகில் ஒன்று வைக்காமல், பிள்ளை எழுதியதையும் படித்துப் பாருங்கள் சகோதரிகளே.

- ஒரு இல்லத்தரசி, எட்டயபுரம்.