மொத்தம் பொருந்தினால் கணக்குச் சரியாகிவிடுமா?

சங்கத்தின் மாதச் செலவுத் தொகுப்பு நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும்பொழுது, பெரும்பாலான அங்கத்தினர்களின் கண் முதலில் கடைசி வரிக்கே செல்கிறது. மொத்தம் சென்ற மாதத்தை ஒட்டியிருந்தால், அல்லது நாம் எதிர்பார்த்த தொகையோடு இணங்கினால், தாள் மடிக்கப்பட்டு அடுத்த பொருளுக்குச் செல்கிறோம். இவ்வழக்கம் போதாது என்பதும், தவறு கண்டவர் அதை நிதி மேலாளருக்கு எவ்வாறு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவன.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நெசவாளரும் தோட்டக்காரரும் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் செப்டம்பர் மாதச் செலவுத் தொகுப்பின் மொத்தம் ரூ. 1,84,300. குழுவினர் இருவர் அதை வவுச்சர்களோடும் கூலிப்பட்டியோடும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அவர்கள் கண்டவை மூன்று.

முதலாவது சாயச் செலவு. வவுச்சரில் ரூ. 5,670 என்றிருப்பது தொகுப்பில் ரூ. 7,650 என்று ஏறியிருக்கிறது. 5-உம் 7-உம் இடம் மாறிவிட்டன. வேறுபாடு ரூ. 1,980. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் உண்டாகும் வேறுபாடு எப்பொழுதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 1,980-ஐ 9-ஆல் வகுத்தால் 220 வருகிறது. இது ஒரு குறிப்பே அன்றித் தீர்ப்பு அன்று. 9-ஆல் வகுபடும் வேறுபாடு வேறு காரணத்தாலும் வரலாம். வவுச்சரைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே உறுதி கூறலாம்.

இரண்டாவது லாரி வாடகை. நூல் வியாபாரியின் பில்லிலேயே வாடகை ரூ. 4,200 சேர்ந்திருக்கிறது, பில் முழுவதும் நூல் கொள்முதலில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மூட்டைகள் இறங்கிய அன்றே சங்கம் லாரிக்காரருக்கு அதே ரூ. 4,200-ஐ ரொக்கமாகக் கொடுத்து, அந்த இரசீதைப் போக்குவரத்துச் செலவிலும் எழுதியிருக்கிறது. ஒரே வாடகை இரண்டு இடங்களில் நிற்கிறது. இதன் தீங்கு ஏட்டோடு நிற்பதன்று. வியாபாரியின் பில் இன்னும் பட்டுவாடா ஆகவில்லை. அதை முழுத்தொகையாகக் கொடுத்துவிட்டால் பணமே இருமுறை போய்விடும். மேலும் இச்சங்கத்தில் போக்குவரத்துச் செலவு, வாழையும் பூவும் சந்தைக்கு அனுப்பும் தோட்டக்காரர் தலையில் பங்கிடப்படுகிறது. நூல் வந்த லாரியின் வாடகையை வாழைத்தார் சுமக்க நேரிடும்.

மூன்றாவது நெசவுக் கூலி. செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் துணி வரவுப் புத்தகத்தில் ஏறிய துணிகளுக்கான கூலி ரூ. 6,180, அக்டோபர் 3-ஆம் தேதி வழங்கப்பட்டது. வழங்கிய நாளைக் கொண்டு அதை அக்டோபர்க் கணக்கில் சேர்த்துவிட்டனர். துணி செப்டம்பர் இருப்பில் நிற்க, அதற்குரிய கூலி மட்டும் அடுத்த மாதத்திற்குப் போய்விட்டது.

இப்பொழுது கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டில் மிகையாக எழுதியது ரூ. 1,980-உம் ரூ. 4,200-உம் சேர்ந்து ரூ. 6,180. மூன்றாவதில் குறைவாக எழுதியதும் ரூ. 6,180. மொத்தத்தில் ஒரு காசும் மாறவில்லை! நம் எடுத்துக்காட்டில் பிழைகள் ஒன்றையொன்று முழுவதும் விழுங்கிவிட்டன. நடைமுறையில் இவ்வளவு பொருத்தமாக நிகழ்வது அரிது. ஆனால் ஓரளவு விழுங்குவது அடிக்கடி நிகழ்வதே. கூலி உயர்வைப் பற்றிக் குழு பேசும் நாளில் இத்தொகுப்பை நம்பினால், சாயம் அதிகம் தின்கிறது, கூலி குறைவாகவே இருக்கிறது என்ற பொய்யான படமே அதற்குக் கிடைக்கும்.

ஆகவே நிதி மேலாளருக்கு எழுதும் குறிப்பு மூன்றையும் கழித்துக் கூட்டி, "நிகர வேறுபாடு இல்லை" என்று முடியக்கூடாது. நாம் எழுதுவதாயின் இவ்வாறு எழுதுவோம்:

"நிதி மேலாளர் அவர்களுக்கு. செப்டம்பர் மாதச் செலவுத் தொகுப்பை வவுச்சர்களுடனும் கூலிப்பட்டியுடனும் ஒப்பிட்டதில் மூன்று வேறுபாடுகள் காணப்பட்டன. மொத்தம் ரூ. 1,84,300 மாறாது, இனவாரித் தொகைகள் மாறும்.

1. சாயம்: தொகுப்பில் ரூ. 7,650, வவுச்சரில் ரூ. 5,670. மிகை ரூ. 1,980.

2. லாரி வாடகை ரூ. 4,200: நூல் பில்லிலும் போக்குவரத்திலும் இருமுறை வந்துள்ளது. போக்குவரத்தில் மிகை ரூ. 4,200. நூல் பில்லைப் பட்டுவாடா செய்யுமுன் இத்தொகையைக் கழிக்கக் கோருகிறோம்.

3. நெசவுக் கூலி ரூ. 6,180: செப்டம்பருக்குரியது, அக்டோபரில் எழுதப்பட்டுள்ளது. செப்டம்பரில் குறைவு ரூ. 6,180.

உரிய வவுச்சர், பில், லாரி இரசீது, கூலிப்பட்டி ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. சரிபார்த்து, அடுத்த குழுக் கூட்டத்திற்கு முன் திருத்திய தொகுப்பை அளிக்க வேண்டுகிறோம்."

இவ்வளவே போதும். ஒவ்வோர் இனத்திற்கும் தொகுப்பு சொல்வது என்ன, மூலச்சீட்டு சொல்வது என்ன, வேறுபாடு எவ்வளவு, அது மிகையா குறைவா என்பவை இருக்கின்றன. மேலாளர் வேறு எவரையும் கேளாமல் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். அவசரமானது ஒன்றே ஒன்று. பணம் வெளியே போவதற்கு முன் தடுக்க வேண்டிய நூல் பில். குறிப்பு அதைத் தனியே கோருகிறது.

குறிப்பில் இல்லாதவற்றையும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறோம். எழுத்தர் கவனக்குறைவு என்றோ, வியாபாரி ஏமாற்ற முயன்றார் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. சீட்டுகள் காட்டுவது வேறுபாட்டை மட்டுமே. அது எப்படி நேர்ந்தது என்பதை அவை காட்டுவதில்லை. நூல் வியாபாரி வழக்கம்போல் வாடகையைச் சேர்த்து எழுதியிருக்கலாம். லாரிக்காரரிடம் பணம் கொடுத்த செய்தி அவருக்கு எட்டாதிருக்கலாம். காரணத்தை ஊகித்து எழுதினால், மேலாளர் கணக்கைத் திருத்துவதை விட்டுத் தம் ஆட்களுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். ஆனால் இதே லாரி வாடகை அடுத்த மாதமும் இருமுறை வருமாயின், அப்பொழுது காரணத்தைக் கேட்பது குழுவின் கடமை.

திருத்தும் முறையைப் பற்றியும் ஒரு சொல். பழைய எண்ணை அழித்து அதன் மேல் புதிய எண்ணை எழுதுவது ஆகாது. தேதியிட்ட திருத்தப் பதிவு ஒன்றே போட வேண்டும். குறிப்பின் நகலும் அதனுடன் கோப்பில் இருக்க வேண்டும். கூலியைச் செப்டம்பரில் சேர்க்கும்பொழுது அக்டோபரிலிருந்து நீக்கவும் மறவாதிருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பிழையைத் திருத்தப் போய் மற்றொன்றை உண்டாக்கியவர் ஆவோம். ஆண்டுத் தணிக்கை வரும்வரை காத்திருந்தால், அதற்குள் நூல் பில் பட்டுவாடா ஆகியிருக்கும்; வாழைக்காரரின் பங்கும் பிடித்தமாகியிருக்கும். ஒரு பக்கக் குறிப்பை அந்தந்த மாதமே எழுதிவிட்டால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம் என்பதே நம் கருத்து.