ஆர்டர் மென்பொருள் செய்யக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஈப்போ புந்தோங்கில் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் செய்து விற்கும் கடைகளை அறியாதவர் இல்லை. அப்படியொரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கடைக்கு வருகிறவர்கள் பாக்கெட் கணக்கில் வாங்குகிறார்கள். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களில் உள்ள மளிகைக் கடைகளுக்கு வாரம் ஒரு முறை லோரியில் கிலோ கணக்கில் சரக்கு போகிறது. ஆர்டர் வாட்ஸ்அப்பிலும் வருகிறது, தொலைபேசியிலும் வருகிறது. தீபாவளி நெருங்கினால் எது யாருடைய ஆர்டர் என்றே தெரிவதில்லை. சொந்தமாக ஒரு மென்பொருள் செய்துகொள்ளலாம் என்று முதலாளி முடிவெடுக்கிறார்.

"எவ்வளவு ஆகும்? எப்போது முடியும்?" என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பதுதான் வழக்கம். கீழ்க்காணும் ஐந்துக்கும் பதில் கிடைக்காமல் அந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைக்காது.

1. விலை மாறினால் பழைய ஆர்டர் என்ன ஆகும்?

திங்கட்கிழமை ஒருவர் 10 கிலோ ஓமப்பொடி கேட்கிறார். கிலோ 18 வெள்ளி, மொத்தம் 180. புதன்கிழமை விலையை 20 ஆக்குகிறீர்கள். அரைகுறையாகச் செய்த மென்பொருள், ஆர்டரில் பொருளையும் எடையையும் மட்டும் குறித்துக்கொண்டு, விலையை ஒவ்வொரு முறையும் விலைப்பட்டியலிலிருந்து எடுக்கும். திங்கட்கிழமை ஆர்டர் தானாக 200 வெள்ளி ஆகிவிடும். போன வருட விற்பனைக் கணக்கும் மாறிப்போகும். ஆர்டர் போட்ட நேரத்து விலை அந்த ஆர்டரிலேயே பதிவாக வேண்டும். ஓர் ஆர்டரைப் போட்டு, விலையை மாற்றி, பழையதைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

2. லைன் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

தோட்டத்துக்குள் கைப்பேசி லைன் விட்டு விட்டு வரும். அங்கே லோரி ஓட்டுநர் பதியும் ஆர்டர் கைப்பேசியிலேயே தங்கி, லைன் வந்ததும் போய்ச் சேர வேண்டும். அதோடு, பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் 10 கிலோ 20 கிலோ ஆகிவிடக் கூடாது. ஆர்டர் உருவாகும்போதே கைப்பேசி அதற்குத் தனி எண் கொடுத்தால், அதே எண் மறுபடி வரும்போது கடைக் கணினி ஒதுக்கிவிடும். இதை எப்படிச் செய்வார் என்று கேளுங்கள்.

3. பாக்கியும் சில்லறையும் கணக்கில் வருமா?

தோட்டத்து மளிகைக்காரர் 180 வெள்ளிக்கு 150 கொடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரம் தருவார். பல மென்பொருள்களுக்குப் 'பணம் வந்தது', 'வரவில்லை' என்ற இரண்டுதான் தெரியும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பாக்கிக் கணக்கு வேண்டும்.

இன்னொன்று: 1 ஏப்ரல் 2008 முதல் நம் நாட்டில் ரொக்க பில்லின் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. 12.42 வெள்ளி, ரொக்கத்தில் 12.40, 12.43 என்றால் 12.45. டூயிட்நவ் வழி கட்டினால் 12.42 அப்படியே வரும். இந்த வித்தியாசத்தை மென்பொருள் தனி வரியாகக் காட்டாவிட்டால், இரவில் கல்லாப் பணம் கணக்கோடு ஒத்துப்போகாது.

4. செய்து முடித்த பிறகு எது யாருக்குச் சொந்தம்?

1987 காப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை பொதுவாகச் சொன்னவருக்கே சேரும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே செல்லும். ஆகவே அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சட்டத்தில் உரிமை இருந்தும் சாவி அவர் கையில் இருந்தால் பயனில்லை. இணைய முகவரியும் சர்வர் கணக்கும் கடையின் பெயரில், கடையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மூல நிரலின் பிரதி உங்களிடம் வர வேண்டும். வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை எக்செல் கோப்பாக நீங்களே இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். "நகல் எடுத்து வைப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

5. எது பிழை, எது புது வேலை?

சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. மொத்தத் தொகை தப்பாக வந்தால் அது பிழை. அவர் இலவசமாகத் திருத்த வேண்டும். தீபாவளிப் பரிசுப் பெட்டி என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அது புது வேலை. காசு கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து பத்து உண்மையான ஆர்டர்களை எடுங்கள். திரும்பி வந்த சரக்கு, பாதிப் பணம், மொத்த விலை, சில்லறை விலை எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையை எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். பத்தும் சரியாக வந்த பிறகே கடைசித் தவணை. அதில் ஒன்று தவறினாலும் அது பிழைதான்.

அந்தப் பத்து ஆர்டர்களை முதலில் மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்த மென்பொருள் ஒன்றிலும் போட்டுப் பாருங்கள். பத்தும் அதிலேயே சரியாக வந்தால், தனியாகச் செய்யக் கொடுக்கும் செலவே உங்களுக்குத் தேவையில்லை.