கட்டணம் கேட்டு வரும் நியமனக் கடிதம்

பணம் கட்டாமல் எந்த வேலையும் கிடைக்காது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பிள்ளைக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. விமான நிலையத்தில் தரைப்பணி, மாதம் 28,000 ரூபாய், உடனே சேரலாம், பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய் என்று அதில் இருக்கிறது. பிள்ளை தயங்கினால், “ரெண்டாயிரம்தானே, கட்டிப் பாரு. முதல் மாசச் சம்பளத்தோட திருப்பித் தர்றேன்னு எழுதியிருக்கானே” என்று அப்பாவோ சித்தப்பாவோ தைரியம் சொல்கிறார்கள். வேலை மோசடி செய்பவர்கள் பிழைப்பதே இந்தத் தைரியத்தை நம்பித்தான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. டி.என்.பி.எஸ்.சி.க்கும் எஸ்.எஸ்.சி.க்கும் கட்டணம் செலுத்தித்தான் விண்ணப்பிக்கிறோம். அரசு வேலைக்கு யாருக்கோ லட்சக்கணக்கில் கொடுத்ததாக ஊரில் நாலு பேர் பேசுகிறார்கள். இரண்டும் சேர்ந்து, வேலை என்றால் முன்பணம் உண்டு என்று மனம் பழகிவிட்டது. ஆனால் தேர்வுக் கட்டணம் வேறு. அதை விண்ணப்பிக்கும்போதே, தேர்வாணையத்தின் தளத்திலேயே செலுத்துகிறோம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது தேர்வு நடத்தும் செலவுக்குப் போகிறது. ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இனி பணம் அனுப்புங்கள்’ என்று எந்தத் தேர்வாணையமும் எழுதுவதில்லை. தேர்வான பிறகு கேட்கப்படும் பணத்துக்கு நேர்மையான காரணம் எதுவும் இல்லை. நம் உழைப்பை வாங்கிச் சம்பளம் தரப்போகிறவருக்கு நம்முடைய 1,850 ரூபாய் எதற்கு?

அந்த விமான நிலையக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். நேர்காணல் என்று பத்து நிமிடம் போனில் பேசினார்கள்; பெயர், படிப்பு, ஊர் கேட்டார்கள். மறுநாளே பி.டி.எஃப். வந்துவிட்டது. மேலே இந்திய விமான நிலைய ஆணையத்தின் சின்னம், கீழே வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து. பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் விவரம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சின்னமே உறுத்தும். பயணிகளுக்கு போர்டிங் பாஸ் கொடுப்பவர்களையும் பெட்டிகளை ஏற்றி இறக்குபவர்களையும் வேலைக்கு எடுப்பது விமான நிறுவனங்களும் தரைச்சேவை நிறுவனங்களும்தான். ஆணையம் தன் பணியிடங்களை முறையாக அறிவித்து, aai.aero என்ற தன் தளத்தில் வெளியிட்டுத்தான் ஆள் எடுக்கிறது.

1,850 கட்டியதும் கதை முடிவதில்லை. அந்தத் தொகை, இவர் கட்டுகிறவரா என்று பார்க்கும் சோதனை மட்டுமே. இரண்டு நாளில் சீருடைக்கு 6,500 கேட்பார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு நுழைவுச் சீட்டு, பயிற்சிக் காலத் தங்குமிடம் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு முறையும் ‘இதுதான் கடைசி, எல்லாம் திரும்பக் கிடைக்கும்’ என்பார்கள். இந்தக் கட்டத்தில் கட்டுபவரைப் பிடித்து வைத்திருப்பது ஆசை அல்ல. ஏற்கெனவே கட்டிய பணம் போய்விடுமே என்ற பயம். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

‘நாங்கள் சரிபார்த்துவிட்டோம், கம்பெனி உண்மையானதுதான்’ என்று சிலர் சொல்வார்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் பெயரைத் தேடி, பதிவு எண்ணும் முகவரியும் கடிதத்தோடு பொருந்துவதைப் பார்த்திருப்பார்கள். மோசடிக்காரரும் அதே தளத்தைப் பார்த்துத்தான் அவற்றை நகல் எடுத்தார். நிறுவனம் இருக்கிறதா என்பதல்ல நம் கேள்வி. இந்தக் கடிதத்தை அந்த நிறுவனம்தான் அனுப்பியதா என்பதே கேள்வி.

அதற்கு முதல் சாட்சி மின்னஞ்சல் முகவரி. நிறுவனத்தின் உண்மையான தளம் example.com என்று வைத்துக்கொள்வோம். hr@example.com, hr@careers.example.com இரண்டும் அவர்களுடையவை. hr@example-careers.com அவர்களுடையது அல்ல. யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு அந்தப் பெயரை வாங்கலாம். @ குறிக்குப் பிறகு உள்ளதை வலது கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படித்தால் வித்தியாசம் பிடிபடும். முகவரி சரியாகத் தெரிந்தாலும் அதையே முடிவாகக் கொள்ள முடியாது; அனுப்புநர் முகவரியைப் போலியாகக் காட்டவும் வழி உண்டு. பதில் அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது வேறு முகவரி வந்து நின்றால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும். பணம் கட்டச் சொன்ன யு.பி.ஐ. கணக்கில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் ஒரு தனிநபர் பெயர் தெரிந்தாலும் அப்படித்தான்.

ஆகவே, வந்த மடலுக்குப் பதில் எழுதும் முன் வேறொரு மடல் எழுத வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணையோ இணைப்பையோ தொடாமல், நிறுவனத்தின் தளத்தை நாமே தேடிப் போய், அங்குள்ள முகவரிக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம். தங்கள் நிறுவனத்தின் பெயரில் எனக்கு ஒரு நியமனக் கடிதம் வந்துள்ளது. அனுப்பிய முகவரி, கடிதக் குறிப்பு எண், பதவி, கையெழுத்திட்டவரின் பெயர் ஆகியவற்றைக் கீழே தந்து, நகலையும் இணைத்துள்ளேன். இது தங்கள் மனிதவளத் துறை அனுப்பியதுதானா? சேருவதற்கு முன் 1,850 ரூபாய் செலுத்தச் சொல்கிறார்கள். தங்களிடம் அப்படியொரு கட்டணம் உண்டா? அருள்கூர்ந்து தெரிவிக்கவும்.”

கடிதம் அனுப்பியவருக்கு இவ்வளவு போதும்:

“வணக்கம். கடிதம் கிடைத்தது, நன்றி. நிறுவனத்தின் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, நியமனத்தை உறுதி செய்துகொண்டிருக்கிறேன். பதில் வந்ததும் என் முடிவைத் தெரிவிக்கிறேன். சேருவதற்கு முன் எந்தத் தொகையும் செலுத்த இயலாது. சீருடை போன்ற செலவு இருந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். சான்றிதழ்களை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.”

இந்த மடலில் ஆதார், பான், வங்கி விவரம் எதையும் இணைக்கக் கூடாது. பணம் தராதவரிடமிருந்தும் அவர்களுக்குக் கிடைக்கும் சரக்கு அதுதான். அந்த நகல்களை வைத்து வேறொருவரை ஏமாற்றக் கணக்குத் தொடங்கலாம், நம் பெயரில் கடன் கேட்கலாம்.

‘இப்படியெல்லாம் கேட்டால் கிடைத்த வேலையும் போய்விடாதா?’ என்பது பெற்றோரின் பயம். உண்மையான மனிதவள அலுவலர் இந்த மடலைப் படித்துக் கோபப்பட மாட்டார். தங்கள் பெயரில் மோசடி நடப்பது நிறுவனங்களுக்கே தலைவலி. விமான நிறுவனங்கள் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று தாங்களே எச்சரிக்கை வெளியிட்டுவருகின்றன. மாலை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று மிரட்டி வரும் பதில், நாம் கேட்ட கேள்விக்கான விடையேதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது: அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், ரசீதுடன். அவர் பதிவுபெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளித்துவைப்பதுதான் இன்னும் பெரிய இழப்பு. உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும்; cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் தகவல் போனால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும். பரிவர்த்தனை எண், யு.பி.ஐ. முகவரி, வந்த மடல்கள், பேசிய எண்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 2,000’ என்று அடுத்த வாரம் ஒருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டத்து ஆளாக இருக்கக்கூடும்.