விலை வைக்கிறவனும் பின்னால் போகிறவனும்

சில்லோர் முற்றுரிமையில் உற்பத்திச் செலவு குறைவான நிறுவனம் விலையை வைக்கும், மற்றவர்கள் பின்பற்றுவார்கள் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஏன் பின்பற்ற வேண்டும்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒரே பொருளை அ, ஆ என்று இரண்டு நிறுவனங்கள் விற்கின்றன. ஒரு பொருள் செய்ய அ-வுக்கு 20 ரூபாய், ஆ-வுக்கு 40 ரூபாய் செலவு. விலை 100 ரூபாய் என்றால் வாங்க ஆளில்லை. ஒவ்வொரு ரூபாய் குறையும்போதும் ஒருவர் கூடுகிறார். விலை ஒன்றாக இருந்தால் வாடிக்கையாளர்களை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

அ-வுக்கு லாபம் உச்சம் தருவது 60 ரூபாய் விலை: 20 பேர், 800 ரூபாய். ஆ விரும்புவது 70 ரூபாய்: 15 பேர், 450 ரூபாய். ஆனால் அ 60-ல் விற்கும்போது ஆ 70-ல் நின்றால் ஒருவரும் வரமாட்டார். 60-க்கு இறங்கினால் 400 ரூபாயாவது கிடைக்கும். ஆகவே ஆ பின்னால் போவது பயத்தால் அல்ல, கணக்கால். 59-க்குப் போய் முந்தலாமே என்கிறீர்களா? அ 40 வரைக்கும் இறங்கும். அங்கே பாதிச் சந்தையிலேயே அதற்கு 600 ரூபாய் லாபம் நிற்கும், ஆ-வுக்குப் பூஜ்யம்.

இப்போது ஒரு ஓட்டையைக் கவனியுங்கள். அ 39 ரூபாய்க்கு விற்றால் ஆ விலகிவிடும். 61 பேரும் அ-விடம் வருவார்கள், லாபம் 1159 ரூபாய். அப்படியானால் ஆ-வை ஏன் விட்டுவைக்க வேண்டும்? எல்லாருக்கும் விற்கிற உற்பத்தித் திறன் அ-வுக்கு இல்லாமல் இருக்கலாம், போட்டிச் சட்டம் தடுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் 'சரிபாதி' என்பது அ போடுகிற பிச்சைதான்.

இந்தியத் தொலைபேசிச் சந்தையில் இதைப் பார்க்கலாம். பழைய 2ஜி, 3ஜி சுமை இல்லாமல் 4ஜி மட்டும் கட்டிய ஜியோ 2016 செப்டம்பரில் வந்து, அழைப்புகளை இலவசமாக்கியது. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் கட்டணத்தை இறக்கின. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவாலானதாக மனு போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன.

அடுத்த காட்சி 2024 ஜூன் 27. ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும், தொடர்ந்து வோடஃபோன் ஐடியாவும் உயர்த்தின. ஆனால் 2021 நவம்பரில் முதலில் உயர்த்தியது ஏர்டெல். ஜியோ சில நாள் கழித்தே வந்தது. முதலில் அறிவிப்பவரே தலைவர் என்று எண்ணிவிடக் கூடாது. யார் சம்மதிக்காவிட்டால் அந்த உயர்வு நிற்காதோ, அவரே தலைவர்.

மலிவு நிறுவனம் விலை வைத்தால் வாடிக்கையாளருக்கு நல்லது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. 70-ஐ விட 60 நல்லதுதான். ஆனால் ஆ ஒரு நாள் விலகினால், 60-க்கு மேலே போகாமல் அ-வைத் தடுப்பது அதன் சொந்த லாபக் கணக்கு மட்டுமே. 39 வரை இறங்கச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.