சிவப்பு என்றால் பசுமையா? சாட்டிலைட் படத்தில் கடத்தூரைப் படிப்பது எப்படி

தருமபுரி மாவட்டம் கடத்தூர் பக்கம் ‘ஏரியைக் காணோம்’, ‘பச்சை எல்லாம் போச்சு’ என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரமாக இப்போது இரண்டு சாட்டிலைட் படங்களையும் காட்டிவிட முடியும். ஒன்று ‘அப்போது’, இன்னொன்று ‘இப்போது’. படங்கள் இலவசம், செல்போனிலேயே எடுத்துவிடலாம். ஆனால், அந்தப் படங்களில் தெரியும் நிறம் ஊரில் இருக்கும் நிறம் இல்லை. படத்தைத் தயாரித்தவர் தேர்ந்தெடுத்த நிறம் அது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால், வறட்சியைக்கூடப் பசுமை என்று நினைத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஏன் பொய் நிறம்?

ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஒளியை 13 பட்டைகளாகப் பிரித்துப் பதிவு செய்கின்றன. நம் கண்ணுக்குத் தெரிபவை நீலம், பச்சை, சிவப்பு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புதான் செடிகொடிகளுக்கு முக்கியமான பட்டை. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அகச்சிவப்பைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். தண்ணீர் நேர் எதிர். அகச்சிவப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திரையில் காட்ட ஒரு நிறத்தைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். வழக்கமான பொய் வண்ணக் கலவையில், அகச்சிவப்புப் பட்டையை (B8) சிவப்பாகவும், சிவப்புப் பட்டையை (B4) பச்சையாகவும், பச்சைப் பட்டையை (B3) நீலமாகவும் காட்டுவார்கள். இப்படிச் செய்தால் தென்னந்தோப்பு அடர் சிவப்பு, தெளிந்த நீர் கறுப்பு, கட்டடங்களும் சாலைகளும் நீலம் கலந்த சாம்பல். கூகுள் மேப்பில் பார்த்தால் ஏரியும் அதைச் சுற்றிய தோப்பும் ஒரே கரும்பச்சையாகத் தெரியும் இடத்தில், இங்கே கறுப்பும் சிவப்புமாகப் பிரிந்து நிற்கும்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. இரண்டாம் உலகப் போரில் இலை தழை போல வேஷம் போட்டு மறைத்த ராணுவத் தளவாடங்களைக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு ஃபிலிம் பயன்பட்டது. பச்சைப் பெயின்ட் கண்ணை ஏமாற்றும், அந்த ஃபிலிமை ஏமாற்றாது. இந்தியாவிலும் தொலையுணர்வின் கதை இங்கேதான் தொடங்கியது. 1970 வாக்கில் விஞ்ஞானி பி.ஆர். பிஷரோட்டியின் குழு, ஹெலிகாப்டரில் இருந்து இதே வகை ஃபிலிமில் கேரளத் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்து, வாடல் நோய் தாக்கிய மரங்களைப் பிரித்துக் காட்டியது.

நிறத்தை இழுப்பதில்தான் சிக்கல்

பட்டைகளைச் சேர்த்தவுடன் படம் பளிச்சென்று வந்துவிடாது. மங்கலாக, இருட்டாகத்தான் இருக்கும். தரையில் இருந்து திரும்பும் ஒளியின் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருப்பதே காரணம். அந்தக் குறுகிய எல்லையைத் திரையின் 0 முதல் 255 வரை இழுத்து விரிப்பதுதான் ‘கான்ட்ராஸ்ட் ஸ்ட்ரெட்ச்’. QGIS போன்ற மென்பொருள்களில் Cumulative count cut என்ற வசதி இதைத் தானாகவே செய்துவிடும். மிகக் குறைந்த 2 சதவீதப் புள்ளிகளையும் மிக அதிகமான 2 சதவீதத்தையும் ஓரம் கட்டிவிட்டு, மீதியை முழுசாக விரித்துவிடும். படம் அழகாகிவிடும். ஒரே ஒரு படத்தைப் பார்க்க இது போதும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போதுதான் வில்லங்கம்.

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2021-ல் அதே பருவமழை கொட்டித் தீர்த்தது. கடத்தூரின் 2017 ஜனவரி படத்தையும் 2022 ஜனவரி படத்தையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காகச் சில மாதிரி எண்கள்: வறண்ட படத்தில் அகச்சிவப்பின் எல்லை 0.12 முதல் 0.32 வரை. மழை ஆண்டில் ஏரியும் நிறைந்து பயிரும் செழித்திருப்பதால் எல்லை 0.04 முதல் 0.44 வரை விரிகிறது. இரண்டு ஆண்டுகளிலும் கொஞ்சமும் மாறாத ஒரு நிலத்தின் அளவு 0.28. தானியங்கி முறையில் அது திரையில் இப்படி வரும்:

```
2017: (0.28 - 0.12) / (0.32 - 0.12) * 255 = 204
2022: (0.28 - 0.04) / (0.44 - 0.04) * 255 = 153
```

அதே நிலம், அதே அளவு. ஆனால், வறட்சி ஆண்டில் சிவப்பு தூக்கலாகவும், மழை ஆண்டில் மங்கலாகவும் தெரிகிறது. அரைகுறையாக நிற்கும் மானாவாரிப் பயிரும் முள்செடியும் 2017 படத்தில் தோப்பு மாதிரி சிவக்கும். படத்தில் யாரும் கைவைக்கவில்லை, ஏமாற்றும் எண்ணமும் இல்லை. மென்பொருள் தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

தீர்வு எளிது. இரண்டு படங்களுக்கும் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே Min, ஒரே Max எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் இரண்டுக்குமே 0.04, 0.44 என்று வைத்தால், அந்த நிலம் இரண்டிலும் 153 தான். படம் முன்பு போலப் பளபளக்காது, ஆனால் உண்மை சொல்லும். சரி, வேறு யாரோ கொடுத்த படத்தில் இதை எப்படிச் சோதிப்பது? மாறவே மாறாத ஏதாவது ஒன்றைப் பாருங்கள்: பெரிய பாறை, ரயில் நிலைய வளாகம். அதன் நிறமே இரண்டு படங்களிலும் வேறு வேறாக இருந்தால், மற்ற நிற மாற்றங்களையும் நம்ப வேண்டியதில்லை.

சிவப்பான ஏரி, நீலமான தண்ணீர்

இழுப்பைச் சரிசெய்த பிறகும் சில இடங்கள் குழப்பும். ஏரியில் ஆகாயத்தாமரை மூடியிருந்தால், அடியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் படத்தில் சிவப்புதான். வறண்ட ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டியிருந்தாலும் அதே சிவப்பு. புதுமழையில் செம்மண் கரைந்து வந்த தண்ணீரோ வெளிர் நீலமாக மாறி, கட்டடம் போலத் தெரியும். ‘ஏரிக்குள் வீடு கட்டிவிட்டார்கள்’ என்று இதை வைத்தே ஒருவர் மனு எழுதிவிடலாம்.

கலங்கிய நீர் விஷயத்தில் இன்னொரு கலவை கைகொடுக்கும். குறு அலை அகச்சிவப்பை (B11) சிவப்பாகவும், B8-ஐப் பச்சையாகவும், B4-ஐ நீலமாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். சேறு கலந்தாலும் தண்ணீர் அந்தக் குறு அலையை ஏறக்குறைய விழுங்கிவிடுவதால் ஏரியில் சிவப்பு ஏறாது, நீலமாகவே நிற்கும். பயிர் பச்சையாகிவிடும், கட்டடம் இளஞ்சிவப்பு, ஊதா பக்கம் போகும். ஆனால், உழுது போட்ட மானாவாரிக் காடும் கிட்டத்தட்ட அதே இளஞ்சிவப்புதான். வீட்டையும் வெறும் நிலத்தையும் பிரிக்க, மழைக்குப் பிந்தைய ஒரு படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் முளைப்பு வந்து நிறம் மாறும். கூரை மாறாது.

கடத்தூருக்குத் தெற்கே போனால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஜனவரியில் சூரியன் தெற்கே தாழ்ந்திருப்பதால், சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவுகளில் நிழல் விழும். அந்தக் கருநிழலை வாணியாறு அணை நீரோடு குழப்பிக்கொள்ள முடியும். ஏப்ரல் படத்தை எடுத்துப் பார்த்தால் நிழல் சுருங்கிவிடும். அணை அதே இடத்தில் இருக்கும்.

இந்தப் படங்கள் ஆக்கிரமிப்புப் புகார்களுக்கு ஆதாரமாகும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. B8, B4, B3 பட்டைகளில் ஒரு புள்ளி 10-க்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். B11-ல் அது 20-க்கு 20, கிட்டத்தட்ட 10 சென்ட். ஏரிக்கரையோரம் இரண்டு சென்ட்டில் எழுந்த வீடு, பக்கத்துத் தென்னையோடு கலந்து ஒரே புள்ளியாகிவிடும். அங்கே எல்லையைச் சொல்ல வேண்டியது சர்வேயரின் புலப்படம்தான், நிறம் இல்லை. அதுவரை, தேதியும் பட்டைகளும் Min, Max எண்களும் அடியில் எழுதாத ‘அப்போது – இப்போது’ படத்தை அதிகாரிகள் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்திரிகைகளும் அச்சிடக் கூடாது.